ஒன்பது தையல் இயந்திரங்கள், பத்தாவது ஏன் இல்லை? (திருப்பூர் பவர் டேபிள் பற்றிய விவாத இழை)

ஆய்வு மாணவி, கோவை | 9 ஜூன் 2024

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் சிறு பவர் டேபிள் கூடங்களைச் சில வாரங்களாகப் பார்த்து வருகிறேன். வாசலில் ஜிஎஸ்டி எண் எழுதிய பலகை இருக்கிறது. துணிக்கட்டு வரும்போதும் தைத்த பீஸ் போகும்போதும் டெலிவரி சலான் இருக்கிறது. ஆனால் உள்ளே வேலை செய்பவர்களுக்கு வருகைப் பதிவேடும் இல்லை, இஎஸ்ஐயும் இல்லை, பிஎஃப்பும் இல்லை. சனிக்கிழமை மாலை ரொக்கமாகச் சம்பளம் தரப்படுகிறது, அதற்கான கணக்கு ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. பெரும்பாலான கூடங்களில் எட்டு அல்லது ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள். இடம் இருந்தும் பத்தாவது இயந்திரத்தைப் போடுவதில்லை. அரசுக் கணக்கில் தெரியாமல் இருப்பதுதான் நோக்கம் என்றால், இவர்கள் ஜிஎஸ்டி மட்டும் ஏன் எடுத்தார்கள்?

மொத்த வியாபாரி, சேலம் | 9 ஜூன் 2024

இதில் ஆராய எதுவும் இல்லை. எல்லாம் வரிக்குப் பயந்துதான். ஜிஎஸ்டி வந்த பிறகு எவ்வளவு காட்டுவது, எவ்வளவு மறைப்பது என்பதே தொழிலாகிவிட்டது. பாதி பீஸுக்குப் பில் இருக்கும், பாதிக்கு இருக்காது. வரி விகிதத்தைக் குறைத்தால் எல்லோரும் தாமாகக் கணக்குக்குள் வந்துவிடுவார்கள்.

வரிக் கணக்காளர், திருப்பூர் | 10 ஜூன் 2024

சேலம் நண்பர் சொல்வது உள்ளூர்ச் சந்தைக்கான பனியன் விற்பனையில் ஓரளவு நடக்கிறது. கூலித் தையலுக்கு அது பொருந்தாது. துணிக்கான கூலி வேலைக்கு வரி ஐந்து சதவீதம்தான். அதையும் பவர் டேபிள்காரர் தம் கையிலிருந்து தருவதில்லை. பில்லில் சேர்த்து வேலை கொடுத்தவரிடம் வாங்கிக் கட்டுகிறார், வேலை கொடுத்தவர் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். அதனால் அந்த வரியை மறைப்பதில் இருவருக்கும் பெரிய லாபம் கிடையாது. மாறாக, ஏற்றுமதியாளருக்கு வருமான வரிக் கணக்கில் தையல் கூலியைச் செலவாகக் காட்டப் பில் தேவைப்படுகிறது. கூலி வேலை சேவை என்பதால் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம்; ஒன்பது பேர் தைக்கும் கூடம் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

ஆக, ஒரே கூடம் ஒரு பதிவேட்டில் முழுமையாக இருக்கிறது, இன்னொன்றில் அறவே இல்லை. பொருள் போய் வரும் தடம் அரசுக்குத் தெரிகிறது, பொருளைத் தைத்த கை தெரிவதில்லை. எந்தப் பதிவேட்டை மேலே இருப்பவர் கேட்கிறாரோ அதில்தான் கீழே இருப்பவர் இருப்பார். மாணவியின் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான்.

டீக்கடை வைத்திருப்பவர், மதுரை | 10 ஜூன் 2024

நான் டீக்கடை நடத்துகிறேன். இப்போது பாதிப் பேர் போனில்தான் பணம் போடுகிறார்கள். அது வங்கியில் தெரிவதால் நானும் ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா? 20 லட்சம் என்பது லாபமா, மொத்த வரவா?

வரிக் கணக்காளர், திருப்பூர் | 10 ஜூன் 2024

மொத்த வரவு ஐயா, லாபம் அல்ல. போனில் வந்ததும் கையில் வாங்கியதும் சேர்த்துத்தான். உங்கள் ஆண்டு வரவை வைத்துக்கொண்டு அருகிலுள்ள கணக்காளரை ஒருமுறை பாருங்கள். இந்த இழை வேறு விஷயம் என்பதால் இதோடு விடுகிறேன்.

தொழிலாளர் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் | 12 ஜூன் 2024

ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. மின்சாரத்தால் இயங்கும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி அது தொழிற்சாலை. கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஏதாவது ஒரு நாள் பத்துப் பேர் இருந்திருந்தால் போதும். சம்பளம் வாங்காமல் வேலை செய்பவரையும் அந்தச் சட்டம் தொழிலாளியாகவே எண்ணுகிறது. இஎஸ்ஐயும் அதே பத்துப் பேரில் தொடங்குகிறது, பிஎஃப் இருபது பேரில்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இஎஸ்ஐக்குள் ஒருமுறை வந்த நிறுவனம், பிறகு ஆர்டர் குறைந்து ஐந்து பேராகச் சுருங்கினாலும் சட்டத்தைவிட்டு வெளியே வர முடியாது. பிஎஃப்பும் அப்படித்தான். ஆர்டரோ பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குகிறது. இரண்டு மாத நெருக்கடிக்காகப் பத்தாவது ஆளைச் சேர்த்தால் அதன் பொறுப்பு நிரந்தரமாகிவிடும் என்பதை உரிமையாளர்கள் நன்றாக அறிவார்கள்.

இதைத் தவிர்க்க ஒரே கூரையின் கீழ் கணவர் பெயரில் ஒரு கூடம், மனைவி பெயரில் ஒரு கூடம் என்று பிரிப்பார்கள். நாங்கள் ஆய்வுக்குப் போனால் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. மின் இணைப்பு ஒன்றா இரண்டா, துண்டுகளை இணைக்க ஒரு பெயரில் உள்ள ஓவர்லாக் இயந்திரம் தைத்த பீஸ், ஓரம் மடித்துத் தைக்க மறுபெயரில் உள்ள பேட்லாக் இயந்திரத்துக்குப் போகிறதா, சனிக்கிழமை சம்பளம் ஒரே நோட்டிலிருந்து போகிறதா என்று பார்ப்போம். ஓவர்லாக் ஒரு நிறுவனத்திலும் பேட்லாக் இன்னொன்றிலும் இருந்தால் எந்த நிறுவனமும் தனியாக ஒரு டி-சர்ட்டை முடிக்க முடியாது. இரண்டும் ஒன்றே என்பதற்கு அதுவே போதுமான சான்று.

மொத்த வியாபாரி, சேலம் | 12 ஜூன் 2024

அப்படியானால் இஎஸ்ஐயில் முதலாளி கட்டுவது எவ்வளவு? மூன்றேகால் சதவீதம்தானே? அதற்குப் பயந்தா ஒருவர் தொழிலை வளர்க்காமல் இருப்பார்? நம்பக் கடினமாக இருக்கிறது.

வரிக் கணக்காளர், திருப்பூர் | 15 ஜூன் 2024

சரியான சந்தேகம். எண்களை வைத்தே பார்ப்போம். கீழே இருப்பது எந்த ஒரு கூடத்தின் கணக்கும் அல்ல; இந்த ஊரில் நான் பார்க்கும் அளவுகளுக்கு அருகில் இருக்கும்படி நானே அமைத்த உதாரணம்.

ஒன்பது பேர், வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு ஒன்பதை ஒட்டி எழுந்தால், இடைவேளை போகப் பன்னிரண்டு மணி நேரம் வேலை. ஷிப்டுக்கு 440 ரூபாய், ஒன்றரைக்கு 660. வாரத்தில் 3,600 சாதாரண டி-சர்ட் தைக்கிறார்கள், பீஸுக்குக் கூலி 15 ரூபாய். வரவு 54,000. சம்பளம் 35,640. வாடகை, மின்சாரம், ஊசி, பழுது, வண்டி, இயந்திரக் கடன் தவணை எல்லாம் சேர்த்து 13,500. மீதி 4,860. இதுதான் உரிமையாளரின் வார வருமானம். அவரும் கூடத்தில்தான் இருக்கிறார், துணி வாங்குவதும் பீஸ் கொடுப்பதும் அவர் வேலை.

இப்போது பத்தாவது ஆள் வருகிறார். 4,000 பீஸ், வரவு 60,000, சம்பளம் 39,600. அதே செலவைக் கழித்து, இஎஸ்ஐக்கு 3.25 சதவீதம், அதாவது 1,287 ரூபாய் கட்டினாலும் மீதி 5,613. முன்பைவிட 750 ரூபாய் அதிகம். ஆகவே இஎஸ்ஐ மட்டும் யாரையும் ஒன்பதில் நிறுத்தவில்லை. இதுவரை சேலம் நண்பரின் சந்தேகம் சரி.

நிறுத்துவது ஒன்றரை ஷிப்ட். தொழிற்சாலை என்று ஆனதும் எட்டு மணி நேரத்தின்படி வாரம் 48 மணி நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். மணிக்கு 55 ரூபாய் என்றால் கூடுதல் நான்கு மணிக்கு 220 அல்ல, 440. நாள் சம்பளம் 660-இலிருந்து 880 ஆகிறது. பத்துப் பேருக்கு வாரச் சம்பளம் 52,800, அதன் மேல் இஎஸ்ஐ 1,716. வரவு அதே 60,000. மற்றச் செலவையும் கழித்தால் வாரம் ஏறக்குறைய 8,000 ரூபாய் நட்டம்.

அந்த நட்டத்தையும் உரிமையாளரின் பழைய 4,860-ஐயும் ஈடுகட்டத் தையல் கூலி எவ்வளவு ஏற வேண்டும்? பீஸுக்கு மூன்றேகால் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 15 ரூபாய்க்குப் பதில் 18.25 கிடைத்தால் இந்தக் கூடம் பத்துப் பேரோடு, இரட்டைச் சம்பளம் கொடுத்து, இஎஸ்ஐயும் கட்டி, பழைய வருமானத்தையும் எடுக்கும். பதிவுக்கு உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் இந்த உதாரணத்தில் உள்ள தூரம் ஒரு சட்டைக்கு மூன்றேகால் ரூபாய்.

தொழிலாளர் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் | 15 ஜூன் 2024

கணக்கு சரி, ஆனால் 18.25 கொடுத்தாலும் அது சட்டப்படி ஆகாது. தினமும் நான்கு மணி என்றால் வாரம் 24 மணி நேரம் மிகைநேரம். மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம் என்பதே பொது வரம்பு. சில தளர்வுகளில் 75 வரை போகலாம். ஐம்பது மணியை இவர்கள் மூன்றாவது வாரத்திலேயே தாண்டிவிடுவார்கள். மேலும் ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதற்கே தடை உண்டு. ஆகவே ஒன்றரை ஷிப்டை எந்தப் பதிவேட்டிலும் உண்மையாக எழுத முடியாது. பெரிய நிறுவனங்களில்கூட எட்டு மணி நேரத்துக்கு ஒரு பதிவேடும் மீதிக்கு ஒரு தனி நோட்டும் இருந்ததை நான் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். நிறுவனம் பதிவில் இருந்தது, ஆளும் பதிவில் இருந்தார், அவருடைய நாளின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெளியே இருந்தது.

பவர் டேபிள் நடத்துபவர் | 16 ஜூன் 2024

கணக்காளர் ஐயாவின் கணக்கில் விட்டுப்போனது பணம் வரும் நாள். அந்த 54,000 ரூபாய் சனிக்கிழமை கைக்கு வராது. பில் கொடுத்து இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம் ஆகும். ஆனால் தையல்காரர்களுக்குச் சனிக்கிழமை கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை அடுத்த கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இடையில் உள்ள வாரங்களை வட்டிப் பணத்தில் ஓட்டுகிறேன். இஎஸ்ஐ பணமோ அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் அதற்கும் வட்டி. எனக்கு வர வேண்டியதற்கு யாரும் வட்டி தருவதில்லை.

சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், கொடுக்கும் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியில் புதிய விதி வந்தபோது மிகவும் மகிழ்ந்தேன். சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவு எனக்கு இருந்தது. மார்ச் மாதம் எனக்கு வேலை தரும் நிறுவனத்திலிருந்து அழைத்து, அந்தப் பதிவை ரத்து செய்துவிட்டு வந்தால் தொடர்ந்து வேலை தருகிறோம் என்றார்கள். ரத்து செய்தேன். நானாக விரும்பி அரசுக் கணக்கைவிட்டு வெளியே போகவில்லை என்பதை மாணவி எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வரிக் கணக்காளர், திருப்பூர் | 16 ஜூன் 2024

இது என்னிடம் வரும் வேறு சிலருக்கும் நடந்தது. அந்த விதி குறு, சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றவருக்கே காவலாக இருக்கிறது. பதிவு இருப்பவருக்கு 45 நாளில் தர வேண்டும், இல்லாதவருக்கு 90 நாளில் தரலாம் என்ற நிலையில், வாங்குபவர் யாரிடம் போவார்? எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே கூலித் தையலுக்கு யாரும் ஒப்பந்தம் எழுதுவதில்லை.

ஆய்வு மாணவி, கோவை | 17 ஜூன் 2024

இதுவரை உரிமையாளர் பக்கத்தையே பேசியிருக்கிறோம். நான் தொழிலாளர்களிடம் கேட்டபோது பலர் "பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளமும் கையில் வேண்டும்" என்றார்கள். எதிர்காலத்தைப் பற்றி எண்ணாததால் அப்படிச் சொல்கிறார்கள் என்று என் வழிகாட்டி கருதுகிறார். எனக்கு அது சரியான விளக்கமாகத் தோன்றவில்லை.

பேட்லாக் தையல்காரர் | 18 ஜூன் 2024

அம்மா, எதிர்காலத்தை எண்ணாதவர் யாரும் இல்லை. நான் முதலில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தேன், பிஎஃப் பிடித்தார்கள். அங்கே என் பெயரை இனிஷியல் இல்லாமல் பதிந்துவிட்டார்கள். ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாகப் பின்னால் இருக்கிறது. வேலையை விட்டபின் பணத்தை எடுக்கப் போனால் இரண்டும் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. திருத்தத்துக்குப் பழைய கம்பெனி ஒப்புதல் தர வேண்டும். அவர்கள் இன்று வா, நாளை வா என்றார்கள். ஒவ்வொரு முறை போனாலும் ஒரு நாள் சம்பளம் போயிற்று. என் பணம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதன் பிறகு பிடித்தம் வேண்டாம் என்று நானே சொல்ல ஆரம்பித்தேன்.

மற்றொன்றும் சொல்கிறேன். எட்டு மணி நேரம் மட்டும் என்றால் நாளுக்கு 440. வாரம் 2,640. மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு வாடகையும் கொடுத்து அதில் ஊரில் இருக்க முடியாது. ஒன்றரை ஷிப்ட் இருக்கும் கூடத்தைத் தேடித்தான் ஆட்கள் போவார்கள். அந்தக் கூடம் பதிவில்லாத கூடமாகத்தான் இருக்கும்.

தொழிலாளர் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் | 19 ஜூன் 2024

பெயர்ப் பொருத்தச் சிக்கல் உண்மை. தமிழ்ப் பெயர்களுக்கு அது மிக அதிகம். ஆனால் இஎஸ்ஐயைப் பிஎஃப்போடு சேர்த்து ஒதுக்க வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொள்கிறேன். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம்தான். 3,960 ரூபாய் வாரச் சம்பளத்தில் முப்பது ரூபாய்க்கும் குறைவு. அதற்குக் குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் கிடைக்கிறது.

நடைமுறையில் கெட்டுப்போகும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நோய்க்கால உதவித்தொகை வேண்டுமானால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரை உள்ள ஒரு ஆறு மாதத்தில் 78 நாள்களுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். நாலு கூடம் மாறினாலும் ஒரே காப்பீட்டு எண்ணில் கட்டியிருந்தால் நாள்கள் கூடிவிடும். ஆனால் புதிய இடத்தில் பழைய எண்ணைக் கேட்காமல் புது எண் போட்டுவிடுகிறார்கள். அப்போது ஓரிடத்தில் 40 நாள், இன்னோரிடத்தில் 50 நாள் என்று சிதறி எதுவும் 78-ஐ எட்டுவதில்லை. தொழிலாளி மருத்துவமனைக்குப் போய் ஏமாந்து திரும்பி, இதெல்லாம் வீண் என்று நால்வரிடம் சொல்கிறார். பழைய எண்ணை எழுதி வைத்துக்கொண்டு வேலையில் சேரும் நாளிலேயே கொடுத்தால் இதைத் தவிர்க்கலாம்.

பிசிறு வெட்டுபவரின் மகள் | 21 ஜூன் 2024

நீங்கள் எல்லோரும் ஒன்பதா பத்தா என்று பேசுகிறீர்கள். என் அம்மா எந்த எண்ணிக்கையிலும் வருவதில்லை. தைத்த பீஸைக் கட்டாகக் கொண்டுவந்து வீட்டில் போடுவார்கள். நூல் பிசிறு வெட்டி, மடித்துக் கொடுப்பார். பீஸுக்குப் பைசாக் கணக்கில் கூலி. நானும் பள்ளிவிட்டு வந்து கூட வெட்டியிருக்கிறேன். அம்மாவிடம் இருப்பது தையல் தொழிலாளர் நல வாரிய அட்டை மட்டும். அதில் எனக்குப் படிப்பு உதவித்தொகை வந்தது, அதற்காக நன்றியோடு இருக்கிறோம். ஆனால் கத்தரி பட்டு விரலில் சீழ் பிடித்தபோது யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கட்டைக் கொண்டுவந்தவர், நான் வெறும் ஏஜென்ட் என்றார். எந்தக் கம்பெனி சட்டை என்பது அம்மாவுக்குத் தெரியாது.

வரிக் கணக்காளர், திருப்பூர் | 22 ஜூன் 2024

இந்தக் குறிப்பு என் முதல் குறிப்பை விரித்து எழுதவைக்கிறது. நல வாரியமும், 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் தளமும் தொழிலாளியைப் பதிவு செய்கின்றன, ஆனால் முதலாளி இல்லாத தொழிலாளியாக. ஜிஎஸ்டி முதலாளியைப் பதிவு செய்கிறது, தொழிலாளி இல்லாத முதலாளியாக. அந்த அம்மாவின் பெயரும் அவர் மடித்த சட்டையின் சலானும் தனித்தனியே அரசிடம் இருக்கக்கூடும். இரண்டையும் இணைக்கும் பதிவு ஒன்று எந்த ஏட்டிலும் இல்லை. இணைத்தால் காயத்துக்கும் முதுமைக்கும் பொறுப்பாளி ஒருவர் தெரிந்துவிடுவார்.

வெளிநாட்டு வாங்குபவர்களின் தணிக்கையும் இதை நிரப்புவதில்லை. தணிக்கையாளர் ஏற்றுமதியாளரின் தொழிற்சாலையில் தீயணைப்புக் கருவி முதல் கழிவறை வரை பார்ப்பார். அங்கே ஒரு நாளில் எத்தனை பீஸ் தைக்க முடியும், எத்தனை பீஸ் கப்பலேறியது என்று வகுத்துப் பார்த்தாலே மீதி எங்கோ வெளியே தைக்கப்பட்டது என்று தெரியும். அந்த வகுத்தலைக் கேட்டவர் என் அனுபவத்தில் அபூர்வம்.

மொத்த வியாபாரி, சேலம் | 23 ஜூன் 2024

வரி என்று நான் சொன்னது இந்தத் தொழிலுக்குப் பொருந்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழி என்ன? பத்து என்ற எல்லையை இருபதாக்கினால் பவர் டேபிள்காரர்கள் இரட்டிப்பாக வளர்வார்களே?

தொழிலாளர் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் | 23 ஜூன் 2024

பத்தொன்பதில் நிற்பார்கள். இன்று பத்து, பன்னிரண்டு பேரோடு சட்டத்துக்குள் இருக்கும் கூடங்களின் தொழிலாளர்களும் வெளியே போவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

பவர் டேபிள் நடத்துபவர் | 23 ஜூன் 2024

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஏற்க முடியவில்லை. பத்தொன்பது பேர் வைத்தால் நான் பெரிய ஆர்டரை நேரடியாக எடுக்க முடியும், நடுவில் உள்ள காண்ட்ராக்டர் போய்விடுவார். இன்று அவர் எடுத்துக்கொள்வது பீஸுக்கு இரண்டு ரூபாய். கணக்காளர் ஐயா தேடும் மூன்றேகால் ரூபாயில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஆய்வு மாணவி, கோவை | 25 ஜூன் 2024

இந்தப் பேச்சுக்குப் பிறகு, இஎஸ்ஐக்குள் போன ஒரு கூடத்தைத் தேடிப் பிடித்தேன். பதினான்கு பேர், ஒரே ஷிப்ட், சில நாள்களில் மட்டும் இரண்டு மணி நேரம் கூடுதல். எப்படி முடிகிறது என்று கேட்டேன். ஒரே நிறுவனத்துக்கு ஒரே வகைச் சட்டையை ஆண்டு முழுவதும் தைக்கிறார்களாம்; வகை மாறாததால் கை பழகி, எட்டு மணி நேரத்திலேயே மற்றவர்களைவிட அதிக பீஸ் வருகிறதாம். பணம் மாதம் தவறாமல் வருகிறது. கூலி எவ்வளவு என்பதை மட்டும் கூடத்தை நடத்தும் அம்மா சொல்ல மறுத்துவிட்டார். பக்கத்துக் கூடத்துக்குத் தெரிந்தால் அவர்கள் குறைத்துக் கேட்டு ஆர்டரை வாங்கிவிடுவார்கள் என்றார்.

வரிக் கணக்காளர், திருப்பூர் | 25 ஜூன் 2024

கூலி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு தையல்காரர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் முடிக்கிறார் என்று மட்டும் இரண்டு மூன்று நாள் எண்ணிக்கொண்டு வாருங்கள், வகை மாறும் ஒன்பது பேர் கூடம் ஒன்றிலும் அதையே எண்ணுங்கள். மூன்றேகால் ரூபாயில் எவ்வளவு கூலியிலிருந்து வர வேண்டும், எவ்வளவு நிலையான ஆர்டரிலிருந்தே வந்துவிடும் என்பதை அந்த இரண்டு எண்களை வைத்துப் பிரித்துவிடலாம். பவர் டேபிள் நண்பர் அனுமதித்தால் இரண்டாவது எண்ணை அவர் கூடத்திலேயே எடுக்கலாம்.

பவர் டேபிள் நடத்துபவர் | 26 ஜூன் 2024

வரட்டும். புதன்கிழமை வேண்டாம், அன்று வகை மாற்றுகிறோம். வியாழக்கிழமை காலை வந்தால் மாற்றிய பிறகு கை பழக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.